முந்திரிக்கொத்து ஆர்டர்: காலை 9:30 முதல் 12:15 வரைதான் நேரம், வாரத்துக்கு எத்தனை கிலோ ஒத்துக்கலாம்?

தக்கலை ஜெனி

எல்லாருக்கும் வணக்கம். தக்கலை பக்கத்துல வீட்டுலயே முந்திரிக்கொத்து போட்டு விக்குறேன், ஒண்ணரை வருஷமாச்சு. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுத்திருக்கேன், அதுல குழப்பம் இல்ல. குழப்பம் எல்லாம் நேரத்துலதான்.

மகனுக்கு மூன்றரை வயசு. காலைல 9:15க்கு வேன் வரும், மதியம் 12:30க்கு கொண்டு விடும். அதனால 9:30ல இருந்து 12:15 வரைக்கும் எனக்கு முழுசா கையில கிடைக்கிற நேரம். வீட்டுக்காரர் கடையில நிக்கிறவர், ராத்திரி 8:30க்குத்தான் வருவார். ஞாயிறு அவருக்கு லீவு, ஆனா அன்னைக்கு கோயிலுக்குப் போகணும், அடுப்பு பத்த வைக்கிறதில்ல. மாமி கூட இருக்காங்க, ஆனா முட்டு வலி, ஓடுற பிள்ளை பின்னால போக அவங்களால முடியாது.

நான் போட்ட கணக்கு இதுதான். ஒரு நாளைக்கு ரெண்டே முக்கால் மணி நேரம், சனிக்கிழமை மகனை எங்க அம்மா வீட்டுல விடுவேன், ஆக ஆறு நாளைக்கு 16½ மணி நேரம். வறுக்கிறது முதல் கவர் ஒட்டுறது வரை ஒரு கிலோ பலகாரத்துக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகுது. அப்போ வாரத்துக்கு 11 கிலோ. இந்த ஓணத்துக்கு அதையே நம்பி 11 கிலோவுக்கு ஆர்டர் வாங்கினேன். குடுத்தது 6½. மிச்சம் பேருக்கு முன்பணத்தைத் திருப்பிக் குடுத்து, ஒரு அக்காகிட்ட ஃபோன்ல நல்லா வாங்கியும் கட்டிக்கிட்டேன். 3 கிலோ அளவுக்கு உருண்டை எண்ணெயில உடைஞ்சே போச்சு.

கணக்கு சரியாத்தானே இருக்கு, பின்ன எங்க பிழைச்சுது?

நெல்லை ராஜா

மேடம், முந்திரிப்பருப்பு இப்ப விக்கிற விலைக்கு இந்தத் தொழில் கட்டுமா? கொல்லம் பக்கம் பேக்டரியில உடைஞ்ச பருப்பு மொத்தமா வாங்கினா செலவு குறையும். நம்பர் வேணும்னா தாறேன்.

தக்கலை ஜெனி

அண்ணா, இதுல முந்திரிப்பருப்பே கிடையாது. சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய், எள்ளு. எங்க பக்கம் முந்திரின்னா திராட்சை, கொத்துக் கொத்தா இருக்கறதால இந்தப் பேரு.

நெல்லை ராஜா

ஓ. பக்கத்து மாவட்டத்துல இருந்துக்கிட்டு இது தெரியாமப் போச்சு. அப்போ ஒரு கிலோ என்ன விலை?

மார்த்தாண்டம் விபின்

சகோதரி, உங்கள் கணக்கில் தவறில்லை, நேரம்தான் போதவில்லை. இரவு 9 மணிக்குப் பிள்ளை தூங்கிவிடுவான் அல்லவா? 9 முதல் 11 வரை எடுத்துக்கொண்டால் வாரத்துக்குக் கூடுதலாக 12 மணி நேரம். அத்துடன் இரண்டு அடுப்பிலும் இரண்டு சட்டி வைத்தால் பொரிக்கும் நேரம் பாதியாகும். 11 கிலோ என்ன, 15 கிலோவே எட்டலாம். நான் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கோட்டாறு மைனி

ஜெனி மக்களே, 22 வருஷமா நான் கல்யாணச் சீருக்குப் பலகாரம் போட்டுக் குடுக்கேன். உன் கணக்குல பிழை நேரத்துல இல்ல. எல்லா நேரத்தையும் ஒரே மாதிரி நேரம்னு எண்ணிக் கூட்டினதுலதான் பிழை.

முந்திரிக்கொத்துல நாலு வேலை. ஒண்ணு, பயறையும் தேங்காயையும் எள்ளையும் வறுத்துத் திரிக்கிறது. ரெண்டு, பாகு காய்ச்சி மாவு சேர்த்து உருட்டுறது. மூணு, மாவுக் கரைசல்ல முக்கிப் பொரிக்கிறது. நாலு, ஆற வச்சு கவர்ல போடுறது. முதலாவதும் நாலாவதும் பிள்ளை கூப்பிட்டா போட்டுட்டு எழும்பிப் போகலாம், ஒண்ணும் கெடாது. ரெண்டாவது அப்படி இல்ல. பாகு கலந்த மாவு சூடு இருக்கும்போதே உருட்டி முடிக்கணும். ஆறிட்டா பொலபொலன்னு உதிரும், வலுக்கட்டாயமா அமுக்கிப் பிடிச்சா உருண்டை மாதிரி தெரியும், எண்ணெயில விழுந்ததும் பிளந்துரும். உனக்கு உடைஞ்ச 3 கிலோ அப்படித்தான் போயிருக்கும். நடுவுல எழும்பிப் போனியா இல்லையா, உண்மையச் சொல்லு.

மூணாவது வேலை அதைவிடக் கறார். எண்ணெய் காஞ்சிட்டா இருக்கிற இடத்தை விட்டு நகரக்கூடாது.

அதனால உனக்கு எத்தனை மணி நேரம் இருக்குன்னு கேக்காதே. வாரத்துல எத்தனை நாள் பொரிக்க முடியும்னு மட்டும் பாரு.

தக்கலை ஜெனி

ஆமா மைனி, எழும்பித்தான் போனேன். ஓண லீவுல மகன் வீட்டுல. பாகு கிண்டி முடிச்சு உருட்ட ஆரம்பிச்ச நேரம் பாத்ரூம் போகணும்னான். கழுவி, டவுசர் மாத்தி, திரும்பி வர ஒரு கால் மணி நேரம் ஆயிருக்கும். மாவு ஆறிப்போச்சு. வீணாக்க மனசு வரல, அமுக்கி அமுக்கி பிடிச்சேன். மறுநாள் எண்ணெயில போட்டதும் எள்ளும் மாவும் வெளிய வந்து எண்ணெயே கறுத்துப்போச்சு, நுரை வேற பொங்குச்சு.

கோட்டாறு மைனி

அதேதான். ஆறினதுமே தட்டோட திரும்ப வாணாச்சட்டியில கொட்டி, ரெண்டு கரண்டி இளம்பாகு தெளிச்சு, லேசா சூடாக்கிப் பிசைஞ்சிருந்தா முக்காவாசி தேறியிருக்கும். பொரிக்க முன்னால ஒரு உருண்டையை முழங்கை உயரத்துல இருந்து தட்டுல போட்டுப் பாரு. உடையாம இருந்தா எண்ணெயிலயும் உடையாது. உடைஞ்சா அன்னைக்கு அடுப்பைப் பத்த வைக்காதே.

இனி கணக்கு. நீ ஒரு சட்டிக்கு எத்தனை கொத்து போடுத, ஒரு ஈடு எவ்வளவு நேரம், கிலோவுக்கு எத்தனை கொத்து நிக்குது? மூணையும் சொல்லு.

தக்கலை ஜெனி

மூணு உருண்டை சேர்ந்தது ஒரு கொத்து. சட்டிக்கு 6 கொத்து. முக்கிப் போட்டு, திருப்பி, எடுத்து வடிய விடுறது வரை ஒரு ஈடு 7 நிமிஷம். கிலோவுக்கு 18 கொத்து நிக்கும்.

கோட்டாறு மைனி

சரி. 9:30க்கு நீ அடுக்களைக்கு வந்தா, பச்சரிசி மாவு கரைச்சு, எண்ணெய் காய வச்சு, முதல் கொத்து விழ 9:55 ஆகும். முடிக்கிறது எப்ப? நீ 12:15ன்னு நினைக்கே. அதுதான் ஆபத்து. 12:30க்குப் பிள்ளை உள்ள ஓடி வாறான், சட்டியில ரெண்டு லிட்டர் எண்ணெய் கொதிப்பு குறையாம இருக்கும். அடுப்பை அணைச்சு ஒரு மணி நேரம் ஆனாலும் அந்த எண்ணெய் கையைச் சுடும். அதனால 11:30க்கு அடுப்பு அணைஞ்சே ஆகணும். மிச்சம் முக்கால் மணி நேரம் எண்ணெய் ஆற, நீ தரை துடைக்க, சட்டியை மூடி உயரத்துல ஏத்த. அடுக்களைக்கு ஒரு கதவோ குட்டித் தட்டியோ இல்லைன்னா முதல்ல அதைப் போடு.

9:55ல இருந்து 11:30 வரை 95 நிமிஷம். 7 நிமிஷ ஈடுன்னா 13 ஈடு வரும். 12 வச்சுக்கோ. 12 ஈடுக்கு 72 கொத்து, அதாவது 4 கிலோ. ஒரு பொரிக்கிற நாளுக்கு 4 கிலோ, அதுக்கு மேல ஒரு கொத்து கூட இல்ல.

உருட்டுற நாளும் அதே அளவுலதான் நிக்கும். ஒத்த ஆளு ஒரு பாகுக்கு ஒரு கிலோ பயறுக்கு மேல போட்டா கடைசி உருண்டைக்கு வரும்போது சூடு போயிரும். 4 கிலோ பலகாரத்துக்கு 1¾ கிலோ பயறு போதும், ரெண்டு தடவையா பாகு காய்ச்சு. ஒவ்வொண்ணும் 50 நிமிஷம். சீனி கலந்த கருப்பட்டி வந்துட்டா பாகு சட்டுன்னு இறுகும், அன்னைக்கு மாவைப் பாதியாக்கிக்கோ.

இப்ப வாரத்தைப் பாரு. திங்கள் உருட்டு, செவ்வாய் பொரி, புதன் உருட்டு, வியாழன் பொரி. 8 கிலோ. வெள்ளி சும்மா கிடக்கட்டும்.

மார்த்தாண்டம் விபின்

வெள்ளியும் சனியும் சும்மா கிடப்பதா? வறுத்துத் திரிப்பதற்கு நாளே ஒதுக்கவில்லையே நீங்கள்? இரவு நேரத்தைப் பற்றியும் பதில் இல்லை.

கோட்டாறு மைனி

தம்பி, ராத்திரி நேரம் இருக்குன்னு சொன்னது சரிதான், எதுக்குன்னு சொன்னதுதான் சரியில்ல. வறுக்கிறதையும் கவர் போடுறதையும் ராத்திரிக்குத் தள்ளலாம், அவ வீட்டுக்காரரும் இருப்பார். வறுத்துத் திரிச்ச பயறு மாவு நல்லா ஆறின பிறகு எவர்சில்வர் டப்பாவுல காத்து போகாம மூடி வச்சா ரெண்டு மூணு வாரம் நிக்கும். தேங்காயை மட்டும் தனியா, உருட்டுற நாளுக்கு முந்தின ராத்திரி வறுக்கணும். ஈரம் போகச் சிவக்க வறுக்கலைன்னா ஒரே வாரத்துல காறல் வாடை வந்துரும். ராத்திரி எண்ணெய் வைக்கிறது மட்டும் வேண்டாம். மூன்றரை வயசுப் பிள்ளை ராத்திரி 10 மணிக்கு முழிச்சு அம்மையைத் தேடி நேரா வாற இடம் அடுக்களை.

ரெண்டு சட்டி விஷயம். உங்க பேக்டரியில ரெண்டு மிஷினுக்கு ரெண்டு ஆளு நிப்பாங்க. இங்க முக்குறது ஒரே கை. ஒரு சட்டியில திருப்பும்போது அடுத்ததுல கரிஞ்சிரும். ஆனா நீங்க சொன்னதுல ஒரு பொருள் இருக்கு. ரெண்டு சட்டிக்குப் பதிலா, அகலமான ஒரு சட்டி வாங்கினா 6 கொத்துக்கு 8 போடலாம். அதுக்கு எண்ணெய் கூடும், அடுப்புச் சூடும் தாங்கணும். நான் அளந்து பாக்கல, அவ வீட்டு அடுப்புல பாத்துதான் சொல்ல முடியும்.

வெள்ளி ஏன் சும்மா கிடக்கணும்னு ஜெனிக்கே தெரியும்.

தக்கலை ஜெனி

தெரியும் மைனி. மழை லீவு. கலெக்டர் காலைல ஆறு மணிக்கு அறிவிப்பார், நான் முந்தின நாளே உருட்டி வச்சிருப்பேன். நம்ம மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை. அது போக மகனுக்கு மாசம் ஒரு சளி காய்ச்சல்.

கோட்டாறு மைனி

அதான். செவ்வாய் போச்சுன்னா அந்த 4 கிலோ வெள்ளிக்கு நகரும். உருண்டை ரெண்டு மூணு நாள் மூடி வச்சா ஒண்ணும் ஆகாது, இன்னும் கெட்டியாத்தான் ஆகும். ரெண்டு பொரிக்கிற நாளும் போச்சுன்னா? அதுக்காக 8 கிலோவையும் ஒத்துக்காதே. வாக்கு 6 கிலோவுக்கு மட்டும். நல்ல வாரமா அமைஞ்சு மிச்சம் 2 கிலோ பொரிச்சா அதை ஆர்டர் இல்லாம பக்கத்து வீட்டுக்கோ கடைக்கோ குடு, ஒரு வாரத்துல ஓடிரும்.

கருங்கல் ஷீபா டெய்லர்

நான் பலகாரம் இல்ல, பிளவுஸ் தைக்கிறேன். ரெட்டைப் பிள்ளைகள், ரெண்டு வயசு. மதியம் ஒண்ணரை மணி நேரம் தூங்குவாங்க, அவ்வளவுதான் எனக்கு. என்கிட்டயும் இதே பிரச்சனை வந்தது. தைக்கிறது எனக்குப் பிரச்சனையே இல்ல, ஆளு வந்து கதவைத் தட்டுறதுதான் பிரச்சனை. பத்து நிமிஷம் பேசிட்டுப் போவாங்க, அதுக்குள்ள ரெண்டும் முழிச்சிரும். இப்ப துணி குடுக்கவும் வாங்கவும் சாயங்காலம் 4:30ல இருந்து 5:30 வரை மட்டும்னு கேட்ல எழுதி ஒட்டிட்டேன். அந்த நேரம் பிள்ளைகள் முழிச்சிருந்தா என்ன, இடுப்புல வச்சுக்கிட்டே அளவு எழுதலாம். முதல் மாசம் கோபப்பட்டாங்க. ஒரு டீச்சரு இன்னும் கோபமாத்தான் இருக்காங்க.

இன்னொண்ணு, ஆல்ட்ரேஷன் கணக்குல வராமலே என் பாதி நேரத்தைத் தின்னுச்சு. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கும், பாருங்க.

தக்கலை ஜெனி

ஷீபா அக்கா, கேட்டதும் புரிஞ்சுது. எனக்கு அது வாட்ஸ்அப். கையில மாவோட இருக்கும்போது "கால் கிலோ தனித்தனியா நாலு கவர்ல தருவியா"ன்னு மெசேஜ் வரும். கால் கிலோ கவர் போட கிலோ கவரை விட மூணு மடங்கு நேரம் ஆகுது, நான் அதுக்குக் கூடவும் வாங்கல, எண்ணவும் இல்ல. பொரிக்கிற நேரத்துல ஆளும் வருவாங்க. சட்டியை அடுப்புல விட்டுட்டு கேட்டுக்கு ஓடியிருக்கேன், இப்ப நினைச்சா நடுங்குது.

குளச்சல் மேரி ஆன்டி

எல்லாரும் குறைக்கச் சொல்லுதிய. நான் கேக்கேன், தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் என்ன செய்வா? அந்த ரெண்டு மாசத்துலதான் காசு. 6 கிலோவுல நின்னா வாடிக்கை வேற ஆளுகிட்ட போயிரும், பின்ன திரும்பி வராது. நான் என் பிள்ளைகள் சின்னதா இருந்தப்ப பக்கத்து வீட்டு அக்காவைக் கூலிக்கு வச்சு 40 கிலோ அச்சுமுறுக்கு போட்டிருக்கேன். பிள்ளைகளை என் மாமியார் பாத்தாங்க. குடும்பம்னா அதுக்குத்தானே.

கோட்டாறு மைனி

மேரி, உங்க மாமியார் நல்ல திடமா இருந்தவங்க. ஜெனி மாமிக்கு முட்டு வலின்னு முதல்லயே எழுதியிருக்கா. மாமி இருக்காங்கன்னு கணக்குல சேத்தா ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்துட்டா அன்னைக்கு பிள்ளையும் வீட்டுல, பாகும் அடுப்புல. மாமி உதவி கிடைச்சா லாபம், கணக்குல மட்டும் எழுதாதே.

சீசன் விஷயம் நியாயமான கேள்வி. ஆனா பாருங்க, ஆர்டர் கூடுற வாரமும் பள்ளிக்கூடம் அடைக்கிற வாரமும் ஒண்ணாத்தான் வருது. ஓணத்துக்கு நம்ம மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு விடுமுறை, கிறிஸ்மஸுக்குப் பள்ளிக்கூடமே அடைப்பு. எல்லாரும் நிறையக் கேக்குற வாரத்துல அவளுக்கு நேரம் குறைவு. அதனால சீசனுக்கு அளவு கூட்டணும்னா ஆளைக் கூட்டணும், அவ நேரத்தை இழுத்து நீட்டக்கூடாது.

கிறிஸ்மஸுக்கு நான்னா இப்படிச் செய்வேன். நவம்பர் கடைசியில ராத்திரி ராத்திரியா பயறு மாவை வறுத்துச் சேத்து வைப்பேன். பள்ளிக்கூடம் அடைக்கிறதுக்கு முந்தின ரெண்டு வாரமும் வெள்ளியையும் எடுத்துக்குவேன். மாவு தயாரா இருக்கறதால திங்கள் உருட்டு, செவ்வாய் பொரி, புதன் உருட்டு, வியாழன் பொரின்னு போகும், வெள்ளி இன்னொரு உருட்டு, அதைப் பொரிக்க சனி, பிள்ளை அம்மை வீட்டுல. வாரத்துக்கு 12 கிலோ வரும், 10க்கு வாக்கு குடுக்கலாம். ஆனா பலகாரம் ரெண்டு வாரம்தான் நல்லா நிக்கும், அதனால அதுக்கு முன்னால பொரிச்சு வைக்க முடியாது. லீவு விட்ட பிறகு ஒரு கிராம் கூட ஒத்துக்க மாட்டேன்.

குளச்சல் மேரி ஆன்டி

கூலிக்கு ஆளு வைக்கிறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.

கோட்டாறு மைனி

வைக்கலாம், ஆனா எதுக்கு வைக்கிறதுன்னு பாக்கணும். உருட்டுறதுக்கு ஒரு கை கூடினா ஒரு பாகுக்கு ரெண்டு கிலோ பயறு போடலாம், அது உண்மையான லாபம். பொரிக்க ஆளு வச்சா சட்டி ஒண்ணுதான், பெருசா கூடாது. வாரத்துக்கு ரெண்டு காலைக்கு மட்டும் வாறதுக்கு ஆளு கிடைக்குமா, கூலி குடுத்து கட்டுமான்னு அவ விலையைப் பொறுத்தது. அதை நான் இங்க இருந்து சொல்ல முடியாது.

மார்த்தாண்டம் விபின்

மைனி சொன்னதை ஏற்கிறேன், பொரிப்பதுதான் இறுக்கமான இடம். ஆனால் 8 கிலோ செய்ய முடிந்தவர் 6 என்று சொல்வது எனக்கு இன்னும் அதிகக் குறைப்பாகவே தோன்றுகிறது. ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். எத்தனை பொரிக்கும் நாள் உண்மையில் போனது என்று எண்ணினால் 7 ஆகவும் வரலாம்.

தக்கலை ஜெனி

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். பிரிட்ஜ் மேல ஒரு நாள்காட்டி மாட்டி பொரிச்ச நாளை மட்டும் குறிச்சேன். மூணு வாரத்துல ஆறு பொரி நாள் இருந்திருக்கணும். ஒண்ணு மழை லீவுல போச்சு, வெள்ளிக்கு நகர்த்தினேன். ஒண்ணு மகனுக்குக் காய்ச்சல், அது நகரவும் இல்ல, அந்த வாரம் 4 கிலோதான். ஆர்டர் 6 இருந்தது, ரெண்டு பேருகிட்ட அடுத்த வாரம்னு கேட்டேன், ஒருத்தங்க சரின்னாங்க, ஒருத்தங்க பணம் திரும்ப வாங்கிட்டாங்க. விபின் அண்ணா, 7 வேண்டாம், எனக்கு 6ஏ இடிக்குது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல இப்ப இப்படிப் போட்டிருக்கேன்: "ஆர்டர் வெள்ளி ராத்திரி 9 மணியோட முடியும். அரைக் கிலோ, ஒரு கிலோ கவர் மட்டும். பாதிப் பணம் முன்னால. பலகாரம் வாங்க வாற நேரம் சாயங்காலம் 4 முதல் 5 வரை. மழை லீவுன்னா ஒரு நாள் தள்ளிப் போகும்." அந்தக் கடைசி வரி போட்ட பிறகு சண்டை குறைஞ்சிருக்கு. பொரிக்கிற நாள் காலைல ஃபோனை மாமிகிட்ட குடுத்துருறேன், அவங்க எடுத்து "அவ அடுப்புல நிக்கா, மத்தியானம் கூப்புடு"ன்னு சொல்லி வச்சிருவாங்க. உட்கார்ந்துக்கிட்டே செய்யலாம், முட்டு வலிக்கும் பிரச்சனையில்ல.

அடுக்களைக்குத் தட்டி போட்டாச்சு. முதல் நாளே மகன் அதுல ஏறிப் பாத்தான். ஆசாரி வந்து இன்னும் அரை அடி உயரம் கூட்டணும்.

இப்ப ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ஜனவரியில ஒரு கல்யாணச் சீருக்கு 15 கிலோ கேக்காங்க, ஒரே நாள்ல எடுக்கணுமாம். மைனி, நாம பாதிப் பாதியா சேர்ந்து போடலாமா?

கோட்டாறு மைனி

தேதியைச் சொல்லு. உன் கொத்து என்ன அளவு, என் கொத்து என்ன அளவுன்னு முதல்ல பாக்கணும், ஒரே தட்டுல ரெண்டு அளவு இருந்தா சீருக்குப் போன இடத்துல பேசிருவாங்க. நாளைக்கு ஒரு கொத்து குடுத்து விடு.